செல்ஃப் இன்ட்ரோல எல்லாத்தையும் சொல்லாதீங்க, ஒரே ஒரு இஞ்ச் டேப் போதும்

காலேஜ் ப்ளேஸ்மென்ட் நடக்குற ஹால் வாசல்ல ஒரு அரை மணி நேரம் நின்னீங்கன்னா இந்த டயலாக் உங்களுக்கே மனப்பாடம் ஆயிடும். குட் மார்னிங் சார், மை நேம் இஸ் இன்னார், ஐ ஆம் ஃப்ரம் இன்ன ஊர், மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர், மை மதர் இஸ் எ ஹோம் மேக்கர், மை ஹாபீஸ் ஆர் லிசனிங் டு மியூசிக் அண்ட் ப்ளேயிங் கிரிக்கெட், மை ஸ்ட்ரெங்த் இஸ் ஹார்ட் வொர்க், தேங்க் யூ சார். அடுத்து வர்றவனும் இதையே சொல்லுவான், ஊர் பேரு மட்டும் மாறும், கிரிக்கெட்டுக்கு பதிலா ஷட்டில்னு வரும், அவ்ளோதான்.

இதுல தப்புன்னு ஒண்ணும் கிடையாது, சொன்னது பூரா உண்மைதான், க்ராமரும் ஓகேதான். ஆனா அந்த ஹால்ல இருக்குற நாப்பது பேர்ல முப்பது பேருக்கு இது அப்படியே பொருந்தும்ல, அங்கதான் அடி வாங்குது. எல்லாருக்கும் பொருந்துற ஒரு விஷயத்த வச்சு உங்கள மட்டும் எப்படி ஞாபகம் வச்சுக்கறது? சாயங்காலம் லிஸ்ட்ட கையில வச்சுக்கிட்டு "இந்தப் பையன் யாருய்யா, எனக்கு மூஞ்சியே ஞாபகம் வரலியே"ன்னு உள்ள பேசிக்குவாங்க, அவங்க மேல தப்பு சொல்ல முடியாது.

இதுக்கு ஒரு எளிய வழி இருக்கு, அதப் பத்திதான் இங்க பேசப் போறோம். உங்களப் பத்தி பத்து விஷயம் சொல்றதுக்கு பதிலா, கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஒரே ஒரு சின்ன விஷயத்த எடுத்துக்கணும். நீங்க வச்சிருக்குற ஒரு பொருளா இருக்கலாம், இல்ல உங்ககிட்ட இருக்குற ஒரு பழக்கமா இருக்கலாம். அத முன்னாடி வச்சு, மிச்சத்த அதுல மாட்டி விடணும். ஹூக்குன்னு இதத்தான் சொல்றாங்க, நம்ம வீட்டுக் கதவுக்குப் பின்னாடி சட்டை மாட்டறதுக்கு இருக்குமே அதே கொக்கி, கொக்கிய யாரும் போட்டுக்கப் போறதில்ல, ஆனா அது இல்லன்னா சட்டை கீழதான் கிடக்கும்.

ஏன் இது வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பாத்துடுவோம், ஏன்னா இது புரிஞ்சாதான் எந்த விஷயத்த எடுக்கறது எத விடறதுன்னு தெரியும். 1987ல இங்கிலாந்துல சில சைக்காலஜி ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க. முன்னப் பின்ன தெரியாத ஆளுங்க முகங்களக் காட்டி, ஒவ்வொருத்தருக்கும் ஒரு பேரையும் ஒரு தொழிலையும் சொல்லிக் குடுத்து, அப்புறம் முகத்த மட்டும் காட்டி ரெண்டையும் கேட்டாங்க. இதுல ஒரு தந்திரம் பண்ணியிருந்தாங்க. பேக்கர்ங்கறது அங்க குடும்பப் பேராவும் இருக்கும், ரொட்டி போடுறவருக்கும் அதேதான். அதனால ஒரே வார்த்தைய சில பேருக்கு பேராவும், சில பேருக்கு தொழிலாவும் குடுத்தாங்க. தொழிலா குடுத்தப்போ ஞாபகம் வந்த அளவுக்கு பேரா குடுத்தப்போ வரல. வார்த்தை என்னமோ அதேதான். ஆனா ரொட்டி போடுறவர்னு சொன்னதும் மாவு, அடுப்பு, வாசனை, காலைல கடை வாசல்ல நிக்கிற கூட்டம்னு நமக்கு ஏற்கனவே தெரிஞ்ச நூறு விஷயத்தோட அது போய் ஒட்டிக்குது, வெறும் பேரா சொன்னா ஒட்டறதுக்கு இடமே இல்ல.

நீங்க "மை நேம் இஸ்"னு ஆரம்பிக்கும்போது உங்க பேருக்கும் இதே கதிதான். ஹார்ட் வொர்க், டெடிகேஷன், பாசிட்டிவ் ஆட்டிட்யூட் எல்லாத்துக்கும் இதே கதிதான், கேக்கறவங்க மனசுல ஒரு படமும் வராது.

இந்த விஷயம் நம்மாளுங்களுக்கு ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே கைவந்த கலைன்னு சொல்லலாம். சங்கப் பாட்டுல சில புலவர்களோட சொந்தப் பேரு என்னன்னே நமக்குத் தெரியாது, தொகுத்தவங்களுக்கும் தெரியாமப் போயிருக்கணும், அதனால அவங்க பாட்டுல வர்ற ஒரு காட்சியையே பேரா வச்சுட்டாங்க. குறுந்தொகை 40வது பாட்டுல செம்மண்ணுல விழுந்த மழைத்தண்ணி வருது, அதப் பாடுனவர் செம்புலப் பெயல்நீரார். அதுக்கு அடுத்த பாட்டுல ஆளில்லாத வீட்டு முன்றில்ல அணில் ஆடுது, அவர் அணிலாடு முன்றிலார். நற்றிணைல ரெண்டு யானை ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுக்குற தேஞ்ச பழங்கயிறு ஒண்ணு வருது, அவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். அப்பா பேரு, ஊரு, படிப்பு எல்லாம் காத்தோட போச்சு, ஒரு கயிறு மட்டும் நின்னுச்சு. நம்ம தெருவுலயும் இதானே நடக்குது, "யாருப்பா அது"ன்னா "அதான்டா, ஹெல்மெட்ட தலைல மாட்டாம கைல மாட்டிட்டு வருவாரே"ன்னு தானே சொல்றோம், ஆதார் கார்டுல இருக்குற பேரயா சொல்றோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எப்படி ஒரு டீடெயில கண்டுபிடிக்கறது?

நான் யாருக்காவது இன்டர்வியூக்கு உக்காந்து சொல்லிக் குடுக்கும்போது முதல்ல கேக்கற பதில் "எனக்கு அப்படி சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல"ங்கறதுதான். எல்லாருமே ஏதோ சாதனை, மெடல், எவரெஸ்ட் மாதிரி ஒண்ண தேடறாங்க. அதெல்லாம் வேணாம். உங்க பேக்ல எப்பவும் கிடக்குற, ஆனா மத்தவங்க பேக்ல இல்லாத பொருள் என்ன? ஃப்ரெண்ட்ஸ் உங்கள எத சொல்லி ஓட்டுவாங்க? வீட்ல எந்த ஓட்டை உடைசல தூக்கிப் போட நீங்க விட மாட்டீங்க? யாரும் சொல்லாமலே தினமும் செய்யற ஒரு கிறுக்குத்தனம் என்ன? இந்த நாலு கேள்விக்கும் ஒரு பேப்பர்ல கிறுக்குங்க, ஒரு ஏழெட்டு விஷயம் வந்துடும், அழகா எழுதணும்னு இல்ல.

அப்புறம் ரெண்டு சல்லடைல சலிக்கணும். முதல் சல்லடை, இத ஒரு கேமராவால படம் பிடிக்க முடியுமா. "எனக்கு டீன்னா உயிரு"ங்கறத படம் பிடிக்க முடியாது. "ரெண்டு டம்ளர் இல்லன்னா டீய குடிக்காம வச்சிருப்பேன், ஆத்தாம குடிக்க மாட்டேன்"ங்கறத பிடிக்கலாம். ரெண்டாவது சல்லடை, அந்த ரூம்ல இன்னும் அஞ்சு பேரு இதையே சொல்ல முடியுமா. மியூசிக் கேப்பேன்னு எல்லாரும் சொல்லலாம், இளையராஜா பிடிக்கும்னு பாதி பேரு சொல்லலாம், ஆனா "எங்க தாத்தாவோட ரேடியோவ நானே ஒட்ட வச்சேன், இன்னும் ஒரு பக்கம் தட்டினாதான் பாடும்"னு ஒருத்தன்தான் சொல்ல முடியும். இப்படி ஒவ்வொரு படியா கீழ இறங்கிட்டே போகணும், இதுக்கு மேல குறுக முடியாதுன்னு ஒரு இடம் வரும், அங்க நின்னுக்கலாம்.

ஒரு கேச முழுசா பாக்கலாம். எங்க தெருப் பொண்ணு ஒருத்தி, பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஃபைனல் இயர், சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு இன்டர்வியூ போகணும், ஒரு நிமிஷ இன்ட்ரோ ரெடி பண்ணணும்னு வந்தா. எழுதிட்டு வந்தத படிச்சுக் காமிச்சா, மேல சொன்ன அதே டயலாக்தான், கூட "மை மதர் இஸ் எ டெய்லர்"னு ஒண்ணு இருந்துச்சு.

"அம்மா வீட்லயே தைக்கிறாங்களாடி?"

"ஆமாக்கா, முன் ரூம்லதான் மிஷின்."

"நீ கூடமாட ஏதும் செய்வியா?"

"ஊக்கு, பட்டன் வைப்பேன். அளவு எடுக்க மட்டும் விட மாட்டாங்க."

"ஏன்?"

"அது ஒண்ணுமில்லக்கா, எங்க இஞ்ச் டேப்ல முன்னாடி ரெண்டு இஞ்ச் கிழிஞ்சு போச்சு, அம்மா ரெண்டாம் நம்பர்ல இருந்து பிடிச்சு அளந்துட்டு அப்புறம் ரெண்டு கழிச்சு எழுதுவாங்க. நான் ஒரு தடவ கழிக்க மறந்துட்டேன். அந்த அக்காவுக்கு ப்ளவுஸ் தொளதொளன்னு ஆயிடுச்சு, அம்மா மறுபடி பிரிச்சு பிடிச்சுக் குடுத்தாங்க."

"இதத்தான்டி தேடிட்டு இருக்கோம்"னேன். அவ நம்பல. "இதப் போய் இன்டர்வியூல சொல்வாங்களாக்கா, டேப் வாங்கக் கூட காசில்லையான்னு நெனைக்க மாட்டாங்க?"ன்னா. நியாயமான பயம்தான். ஆனா கதைய கவனிங்க, கஷ்டம் அதுல முக்கியமே இல்ல. 36 இஞ்ச் சுற்றளவுக்கு டேப்ல 38னு காட்டும், காட்டுற நம்பர அப்படியே எழுதினா துணி போச்சு. டேப் எந்த எடத்துல இருந்து ஆரம்பிக்குதுன்னு தெரியாம அது காட்டற நம்பர நம்பக் கூடாது. டெஸ்டிங் வேலைல பாதி இதுதானே.

அடுத்து நான் கேட்டது, "இந்தப் பழக்கம் உன் படிப்புல எங்கயாவது உதவியிருக்கா?" இந்த கேள்விய விட்டுடாதீங்க, ஏன்னு அப்புறம் சொல்றேன். கொஞ்சம் யோசிச்சா, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல ஹாஸ்டல் மெஸ் பில் போடற ஒரு ஆப் பண்ணியிருந்தாங்களாம், லீவு நாளுக்கு காசு கழிக்கணும். அஞ்சாந்தேதில இருந்து பத்தாந்தேதி வரைக்கும் லீவுன்னா ஆப் பத்துல அஞ்ச கழிச்சு அஞ்சு நாள்னு காட்டியிருக்கு. விரல் விட்டு எண்ணினா ஆறு நாள். டீம்ல மூணு பேரும் ஓகேன்னு சொன்னத இவதான் பிடிச்சிருக்கா, "முதல் நாள சேக்கவே இல்ல"ன்னு. பாருங்க, அதே இஞ்ச் டேப் கதைதான், ஆரம்பத்துல எண்ணு சறுக்குறது.

இப்போ இத ஒரு நிமிஷத்துக்குள்ள அடக்கணும். நிதானமா பேசினா தமிழ்ல ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய தொண்ணூறு நூறு வார்த்தைதான் வரும், அதுக்கு மேல எழுதினா ஓட வேண்டி வரும். கடைசில வந்தது இதுதான், தமிழ்ல போடறேன், அவ இங்கிலீஷ்ல சொன்னா:

"வணக்கம் சார், என் பேரு இன்னார். எங்கம்மா டெய்லர். எங்க வீட்டு இஞ்ச் டேப்ல முதல் ரெண்டு இஞ்ச் கிடையாது, கிழிஞ்சு போச்சு. அம்மா ரெண்டுல இருந்து அளந்து, வர்ற நம்பர்ல ரெண்ட கழிச்சு எழுதுவாங்க. ஒரு நாள் நான் அளந்தேன், கழிக்க மறந்தேன், ப்ளவுஸ் ரெண்டு இஞ்ச் லூசாயிடுச்சு. அன்னைல இருந்து எந்த நம்பரப் பாத்தாலும் இது எங்க இருந்து ஆரம்பிக்குதுன்னு முதல்ல பாத்துடுவேன். எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஹாஸ்டல் மெஸ் பில் ஆப். லீவுக் கணக்குல ஒரு நாள் குறையறத நான்தான் கண்டுபிடிச்சேன், முதல் நாள எண்ணாம விட்டிருந்தோம். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஃபைனல் இயர் படிக்கிறேன், டெஸ்டிங் வேலைதான் வேணும்னு வந்திருக்கேன் சார்."

இதுல என்னென்ன இல்லன்னு பாருங்க. ஹார்ட் வொர்க்கிங்னு இல்ல, அட்டென்ஷன் டு டீடெயில்னு இல்ல, அப்பா வேலை இல்ல, ஹாபி இல்ல, ஊர் பேரு கூட இல்ல. ரெஸ்யூம்ல எப்படியும் இருக்கறத வாயாலயும் வாசிக்கத் தேவையில்ல. "கவனமான பொண்ணு"ன்னு அவ சொல்லல, கேக்கறவரு தானா அந்த முடிவுக்கு வர்றாரு. அவரா வந்த முடிவ அவரு லேசுல மாத்திக்க மாட்டாரு. இன்னொரு லாபம் இங்கிலீஷ் தடுமாறுறவங்களுக்கு: டேப், டூ இஞ்சஸ், ப்ளவுஸ், லூஸ், இதெல்லாம் சின்ன சின்ன வார்த்தை, நாக்கு பிரளாது. ஆப்டிமிஸ்டிக், எந்தூசியாஸ்டிக்னு பெரிய வார்த்தைய மனப்பாடம் பண்ணிட்டு போயி நடுவுல மாட்டிக்கறத விட இது எவ்ளவோ தேவல.

இப்போ நான் விட்டுட்டு வந்த இடத்துக்கு வர்றேன், படிப்புல எங்க உதவுச்சுன்னு கேட்டேன்ல. சுவாரசியமான டீடெயிலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, நீங்க ஞாபகம் வைக்கணும்னு நெனச்சதையே அது முழுங்கிடும். பாடப்புத்தகம் சம்பந்தமா இதப் பத்தி நெறைய ஆராய்ச்சி நடந்திருக்கு. மின்னல் எப்படி உண்டாகுதுன்னு ஒரு பாடம், அதையே ஒரு குரூப்புக்கு அப்படியே குடுத்தாங்க, இன்னொரு குரூப்புக்கு நடுநடுவுல மின்னல் தாக்கின ஆளுங்களப் பத்தி பரபரப்பான துணுக்குகள சேத்துக் குடுத்தாங்க. துணுக்கு சேத்த பாடத்த படிச்சவங்களுக்குத்தான் மின்னல் உண்டாகுற விதம் கம்மியா ஞாபகம் இருந்துச்சு. ஹார்ப், மேயர்ங்கற ரெண்டு பேரு 1998ல வெளியிட்டது. துணுக்கு சுவாரசியம்தான், ஆனா பாடத்தோட ஒட்டல.

செல்ஃப் இன்ட்ரோலயும் இதேதான் நடக்கும். ஒரு பையன் வந்து "நான் பதினோரு பூனை வளக்கறேன்"னு ஆரம்பிச்சு பூனை பேரெல்லாம் சொல்லி சிரிக்க வச்சுட்டு, கடைசில "ஐ வான்ட் டு ஜாயின் இன் அக்கவுன்ட்ஸ்"னு முடிச்சான்னு வைங்க. மறுநாள் எல்லாருக்கும் பூனை ஞாபகம் இருக்கும், அவன் எந்த டிபார்ட்மென்ட்டுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அதே பையன் பதினோரு பூனைக்கும் மாசச் செலவ தனித்தனியா ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கான்னா கதையே வேற. அப்போ பூனை கேட்டா கணக்கு கூடவே வரும். கொக்கிக்கும் சொல்ல வந்த விஷயத்துக்கும் நடுவுல ஒரு வாக்கியம் பாலமா இருக்கணும், அந்த வாக்கியத்த எடுத்துட்டா முழு இன்ட்ரோவும் ரெண்டு துண்டா விழணும். இஞ்ச் டேப் கதைல "எந்த நம்பரப் பாத்தாலும் எங்க இருந்து ஆரம்பிக்குதுன்னு பாப்பேன்"ங்கறது அந்த வாக்கியம். அது கிடைக்கலன்னா வேற டீடெயிலுக்கு போயிடுங்க, இழுத்துப் பிடிச்சு ஒட்ட வைக்காதீங்க, "பூனை எனக்கு டீம் வொர்க் கத்துக் குடுத்துச்சு"ன்னு சொன்னா கேக்கறவங்களுக்கு உடனே தெரிஞ்சுடும்.

பாலம் பிடிச்சுதா இல்லையான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்தா தெரியாது. உங்க ஃபீல்டே தெரியாத ஒருத்தர்கிட்ட, சித்தப்பாவோ ஹாஸ்டல் ரூம்மேட்டோ, ஒரே ஒரு தடவ சொல்லிட்டு விட்டுடுங்க. மறுநாள் சாதாரணமா கேளுங்க, "நேத்து நான் என்ன சொன்னேன் சித்தப்பா?" "அதான், டேப்பு கிழிஞ்சு போச்சு, நீ எதையும் ஆரம்பத்துல இருந்து சரி பாப்பேன்னியே, ஏதோ டெஸ்ட் பண்ற வேலைக்கு"ன்னு வந்தா ஜெயிச்சாச்சு. "அம்மா டெய்லரு, டேப்பு கிழிஞ்சு போச்சு, பாவம்"னு மட்டும் வந்தா கொக்கி இருக்கு, சட்டை கீழ விழுந்துடுச்சு. "நல்லா பேசினம்மா"ன்னு மட்டும் வந்தா கொக்கியே இல்ல.

வட்டமா உக்காந்து ஒவ்வொருத்தரா சொல்லிட்டு வர்ற மாதிரி எடத்துல, ட்ரெய்னிங் முதல் நாள்ல எல்லாம் அப்படித்தான் இருக்கும், உங்களுக்கு அடுத்த சீட்டுல இருக்குறவங்க மூஞ்சியப் பாத்து ரிசல்ட் முடிவு பண்ணாதீங்க. அவங்க காதுல எதுவும் ஏறாது, தன் டர்ன்ல என்ன சொல்றதுன்னு உள்ளுக்குள்ள ஓட்டிக்கிட்டு இருப்பாங்க. தன் முறைக்கு சட்டுனு முன்னாடி பேசினவரு சொன்னதுதான் ஜனங்களுக்கு ரொம்ப கம்மியா ஞாபகம் இருக்குன்னு 1973லயே ப்ரென்னர்ங்கறவரு எழுதியிருக்காரு. அதனால ஏற்கனவே பேசி முடிச்சு நிம்மதியா சாஞ்சு உக்காந்திருக்கறவங்களப் பாத்து பேசுங்க, நெஜமா கேக்கறது அவங்கதான். பேர கடைசில இன்னொரு தடவ சொல்றதும் இந்த மாதிரி எடத்துல உதவும், ஆரம்பத்துல சொன்ன பேர பாதி பேரு கேட்டிருக்கவே மாட்டாங்க.

எத எடுக்கக் கூடாதுங்கறதுக்கு வருவோம். பெரிய சோகம் வேணாம். அப்பா தவறிட்டாரு, வீடு ஏலத்துக்கு போச்சு, இதெல்லாம் உண்மையாவே இருந்தாலும் ஒரு நிமிஷ இன்ட்ரோல சொன்னா கேக்கறவங்க எப்படி முகத்த வச்சுக்கறதுன்னு தெரியாம நெளிவாங்க, உங்களப் பத்தி யோசிக்க மாட்டாங்க, தன் சங்கடத்தப் பத்தி யோசிப்பாங்க. இஞ்ச் டேப் மாதிரி சின்ன விஷயம் ஏன் நல்லா வேலை செய்யுதுன்னா அதக் கேட்டு லேசா சிரிக்கலாம், பரிதாபப்படணும்னு கட்டாயம் இல்ல.

வீட்டு ஆளுங்க விஷயம்னா அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குங்க. இந்தப் பொண்ணும் போயி அம்மாகிட்ட கேட்டா, "சொல்லேன், அதுல என்ன இருக்கு, ஆனா துணிய கெடுத்தது நீன்னு சேத்து சொல்லு"ன்னு சொன்னாங்களாம்.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல இத வெளிப்படையா யாரும் சொல்லித் தர்றதில்ல. சில டீடெயில்ல சாதி ஒட்டிக்கிட்டே வரும், தெருப் பேரு, குலசாமி கோயில் திருவிழா, சில தொழில், சில சாப்பாடு. நீங்க அத நெனச்சே சொல்லியிருக்க மாட்டீங்க, ஆனா எதிர்ல இருக்குறவரு மனசுக்குள்ள கணக்கு போட ஆரம்பிச்சுட்டா உங்க கதை அங்கயே நின்னு போச்சு. தைரியமா சொல்லணும்னு நெனச்சு சொல்றது வேற, அது உங்க இஷ்டம், அதுல தலையிட நான் யாரு. தெரியாம வந்து விழக் கூடாதுன்னு மட்டும்தான் சொல்றேன்.

பொய் டீடெயில் வேணவே வேணாம். நல்ல கொக்கி போட்டா கண்டிப்பா அதுலதான் அடுத்த கேள்வி வரும், அதுக்குத்தானே போடறோம். "டேப் ஏன்மா புதுசு வாங்கல, இருபது முப்பது ரூபாதானே?"ன்னு கேட்டா அவகிட்ட பதில் ரெடியா இருந்துச்சு, ஏன்னா அது நடந்த விஷயம். அம்மாவுக்கு அந்த டேப் பழகிடுச்சு, ரெண்டு கழிச்சு கழிச்சு கை பழகினதுல புது டேப் குடுத்தா அதுலயும் ரெண்ட கழிச்சுடுவாங்களாம். இத எவனாலயும் உக்காந்து கற்பனை பண்ண முடியாது. நெட்ல சுட்ட கதைன்னா ரெண்டாவது கேள்வில முழி பிதுங்கும்.

அப்புறம் குறள் சொல்லி ஆரம்பிக்கறது, அப்துல் கலாம் பொன்மொழி சொல்லி ஆரம்பிக்கறது. வள்ளுவர் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, ஆனா அந்த ஒரு நிமிஷத்துல பத்து செகண்ட அவருக்கு குடுத்துட்டீங்க, அதுல உங்களப் பத்தி ஒண்ணும் இல்ல. பொருளையே கையில எடுத்துட்டு போயி காட்டறதும் எனக்கு அவ்வளவா பிடிக்கல, எல்லாரும் பொருளப் பாப்பாங்க, கைமாறி கைமாறி அது பின் பெஞ்சுக்கு போயிடும், நீங்க பேசறது யாருக்கும் கேக்காது. வார்த்தைல சொன்னா அவங்கவங்க வீட்டு டேப்ப அவங்கவங்க மனசுல பாப்பாங்க, அதுதான் பலம். கொக்கியும் ஒண்ணுதான் இருக்கணும். டேப்பும் சொல்லி, கூடவே ரேடியோவும் சொல்லி, பூனையும் சொன்னா பழையபடி லிஸ்ட் ஆயிடும்.

எடத்துக்குத் தக்கன அளவு மாறும். இன்டர்வியூல கதைக்கு இருபது இருபத்தஞ்சு செகண்டுக்கு மேல குடுக்காதீங்க, அவங்களுக்கு படிப்பு, ப்ராஜெக்ட் எல்லாம் தெரியணும். மேடைப் பேச்சு பழகுறதுக்குன்னே இருக்குற டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புல சேந்தா முதல் பேச்சே உங்கள நீங்களே அறிமுகப்படுத்திக்கறதுதான், ஐஸ் பிரேக்கர்னு பேரு, நாலுல இருந்து ஆறு நிமிஷம். நாலு நிமிஷம் ஆனதும் பச்சை, அஞ்சுல மஞ்சள், ஆறுல சிவப்பு காட்டுவாங்க. அவ்ளோ நேரம் இருக்கேன்னு பொறந்ததுல இருந்து ஆரம்பிச்சு எல்கேஜி, யூகேஜின்னு வரிசையா வர்றவங்கதான் அதிகம், ப்ளஸ் டூ வர்றதுக்குள்ள சிவப்பு எரிஞ்சுடும். அங்கயும் ஒரே கொக்கிதான், ஆனா அத மூணு எடத்துல வச்சு காட்டலாம். டேப் கிழிஞ்ச நாள், ப்ளவுஸ் லூசான நாள், மெஸ் பில்லுல ஒரு நாள் காணாமப் போனது, மூணும் ஒரே நூல்ல வந்துடும், நடுவுல ஊரு, படிப்பு, வீடு எல்லாம் தானா வந்து உக்காந்துக்கும்.

வாட்ஸ்அப் குரூப்ல புதுசா சேந்து "இன்ட்ரோ போடுங்க"ன்னு கேக்கும்போது ரெண்டு வரி போதும், அதுல பாலம் கூட தேவையில்ல, கொக்கியும் என்ன பண்றீங்கங்கறதும் இருந்தா சரி. கல்யாண மண்டபத்துல பொண்ணு வீட்டு சொந்தக்காரங்ககிட்ட அறிமுகம் ஆகும்போது இதெல்லாம் எடுத்து விடாதீங்க, அங்க "நான் யாரோட பையன்"ங்கறதுதான் கேள்வி, அதுக்கு பதில் சொல்லிட்டு பந்திக்கு போயிடலாம்.

வேலைல சேந்து ஆறு மாசம் ஆச்சுன்னா இந்த கதைய அதே ஆளுங்ககிட்ட மறுபடி சொல்லாதீங்க, அவங்களுக்கு உங்களத் தெரியும். புது டீமுக்கு மாறும்போது பழைய கதை அப்படியே போகாது, அப்போ செய்யற வேலைக்கு டெஸ்டிங் சம்பந்தம் இல்லன்னா இஞ்ச் டேப்புக்கு அங்க பாலம் கிடையாது. மறுபடி பேப்பர எடுத்து அந்த நாலு கேள்விக்கும் கிறுக்க வேண்டியதுதான், இந்த தடவ பேக்ல வேற ஏதாவது கிடக்கும்.